பணி இடைவெளிக்குப் பின் வீட்டிலிருந்து கணக்கெழுதும் தனிப்பணி

குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்ட ஒருவர், சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேராமல், தம் பழைய தொழில்திறனைக் கொண்டு பல வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்து தருவது ஃப்ரீலான்சிங் அல்லது தனிப்பணி எனப்படுகிறது. மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, மென்பொருள் எனப் பல துறைகளில் இது நடக்கிறது. தமிழ்நாட்டின் தொழில் நகரங்களில் இதற்கு அதிகம் பொருந்தும் துறைகளுள் ஒன்று சிறு வணிகங்களுக்குக் கணக்கெழுதுதல். பி.காம். படித்து, கடையிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ சில ஆண்டுகள் டேலியில் பதிவு போட்டுப் பழகிய பெண்கள் இந்நகரங்களில் ஏராளம். இக்கட்டுரை அந்த ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, இடைவெளிக்குப் பின் அதற்குள் எவ்வாறு திரும்ப முடியும், எங்கே தடுமாற்றம் ஏற்படுகிறது என்பதை விளக்குகிறது.

பின்னணி

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கான ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்றும் அது கூறியது. ஆனால் கணக்கெழுதும் பெண்களில் பலர் இருப்பது ஐந்து அல்லது ஆறு பேர் வேலை செய்யும் கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும்தான். அங்கே காப்பகமும் இல்லை, நீண்ட விடுப்பும் இல்லை. குழந்தை பிறந்ததும் வேலையிலிருந்து நின்றுவிடுவதே அங்கே வழக்கமாகிவிட்டது. இரண்டாவது குழந்தையும் பள்ளிக்குப் போகத் தொடங்கும்போது ஐந்து, ஆறு ஆண்டுகள் கடந்திருக்கும்.

இடைவெளியில் மாறியவை

எடுத்துக்காட்டாக, ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கராக இருந்து 2019ஆம் ஆண்டு நடுவில் வேலையை விட்ட ஒரு பெண்ணைக் கொள்ளலாம். கணக்கியலின் அடிப்படை அவருக்கு மறந்திருக்காது. பற்று வரவும் பேரேடும் அப்படியேதான் இருக்கின்றன. மாறியிருப்பது சரக்கு, சேவை வரியின் நடைமுறை. அவர் விட்டபோது ஜி.எஸ்.டி. வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன் பிறகு வந்த மாற்றங்களை வரிசைப்படுத்தினால் பட்டியல் சிறியதாகவே இருக்கிறது.

2020ஆம் ஆண்டில் GSTR-2B என்ற அறிக்கை அறிமுகமானது. கொள்முதல் செய்த சரக்குக்கு விற்றவர் தம் கணக்கில் காட்டியுள்ள வரியை, ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி ஒரு நிலையான பட்டியலாக அது தருகிறது. 2022 ஜனவரி முதல், அந்தப் பட்டியலில் வந்த வரியை மட்டுமே உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியும். கணக்கரின் வேலையை மிகவும் மாற்றிய விதி இதுவே. முன்பு கையில் பில் இருந்தால் போதும் என்று பதிவு போட்டவர், இப்போது ஒவ்வொரு பில்லையும் 2Bயுடன் ஒப்பிட்டாக வேண்டும். 2021 ஜனவரியில், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்யும் QRMP என்ற முறை வந்தது. 2023 ஆகஸ்ட் முதல், விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் பிற வணிகர்களுக்குத் தரும் பில்களுக்கு மின்னணு விலைப்பட்டியல் கட்டாயமானது. டேலி மென்பொருளும் 2020 இறுதியில் டேலி பிரைம் என்று முகம் மாறியது.

கடைசியாக, 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறின. ஆயத்த ஆடைகளைப் பொறுத்தவரை, முன்பு 1,000 ரூபாய் வரையிலான உடைக்கு 5 விழுக்காடும் அதற்கு மேல் 12 விழுக்காடும் இருந்தன. இப்போது 2,500 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு. ஆக, 1,200 ரூபாய்ச் சட்டைக்குப் பழைய நினைவில் 12 விழுக்காடு போட்டால் பதிவு தவறாகிவிடும். இத்தகைய தவறைத்தான் வாடிக்கையாளர் முதலில் கவனிப்பார்.

இந்த மாற்றங்களைப் படித்துக்கொள்ள மூன்று, நான்கு வாரங்கள் போதும். பயிற்சிக்கு டேலி பிரைமின் கல்வி முறையைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட இயலும் என்பதால் உண்மையான கணக்கை அதில் வைத்துக்கொள்ள முடியாது. பழகுவதற்கு அது தடையாகாது.

திறனைச் சோதித்துக்கொள்ளும் வழி

சான்றிதழ் வகுப்புகளைவிடப் பயனுள்ளது, முடிந்துபோன ஒரு மாதத்தின் கணக்கை மீண்டும் எழுதிப் பார்ப்பது. தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம், ஏற்கெனவே தாக்கல் செய்யப்பட்ட ஒரு மாதத்தின் விற்பனைப் பில்கள், கொள்முதல் பில்கள், வங்கி அறிக்கை, அம்மாதத்தின் GSTR-2B ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம். தாக்கல் செய்த GSTR-3Bயைப் பார்க்காமல் கணக்கை முழுதாக எழுதி முடித்து, கட்டவேண்டிய வரியைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு இரண்டையும் ஒப்பிடவேண்டும்.

தொகை ஒத்துவராதபோது காரணம் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் இருக்கும். ஒன்று, வெளிமாநில விற்பனையை உள்மாநில விற்பனையாகப் பதிந்திருப்பது. வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே மாநிலத்தைக் காட்டும். தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. பெங்களூரு வாடிக்கையாளருக்கு ஐ.ஜி.எஸ்.டி. போடாமல் மத்திய, மாநில வரியாகப் பிரித்துப் போட்டிருந்தால் மொத்தத் தொகை சரியாக இருக்கும், ஆனால் போய்ச் சேரும் தலைப்பு தவறாக இருக்கும். இதனால்தான் மொத்தத்தை மட்டும் பார்த்து நிறைவடையக் கூடாது. மற்றொன்று, பில் கையில் இருந்தும் 2Bயில் வராத கொள்முதல். அதற்கான வரியை அந்த மாதத்தில் கழித்திருந்தால், கட்டவேண்டிய தொகை குறைவாகத் தெரியும்.

இப்படி எழுதிய கணக்கும் தாக்கல் செய்த கணக்கும் ரூபாய் வரை ஒத்துவந்தால், அந்தக் கடைக்காரரே முதல் வாடிக்கையாளர் ஆகும் வாய்ப்பு அதிகம். சில நேரம் பழைய தாக்கலில் இருக்கும் பிழையையே இந்தப் பயிற்சி காட்டிக்கொடுப்பதும் உண்டு. அப்போது அதைக் கடைக்காரரிடம் மெதுவாகச் சொல்லவேண்டும். அவருக்கு இப்போது கணக்கெழுதுபவர் அவருடைய உறவினராகவும் இருக்கக்கூடும்.

கையில் உள்ள மணிநேரம்

வீட்டிலிருந்து வேலை செய்வோர் பெரும்பாலும் தவறுவது நேரக் கணக்கில். மேற்கண்ட பெண்ணின் மூத்த குழந்தை முழுநாள் பள்ளிக்கும், இளைய குழந்தை எல்.கே.ஜி.க்கும் போவதாகக் கொள்வோம். காலை 9.30 முதல் 12.30 வரை வீடு அமைதியாக இருக்கும். மாதத்துக்கு 22 பள்ளி நாள் என்றால் 66 மணிநேரம். காய்ச்சல், உள்ளூர் விடுமுறை, பள்ளிக்கூடத்துக் கூட்டம், உறவினர் வருகை, மின்தடை ஆகியவற்றுக்கு இதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவது நல்லது. மிஞ்சுவது 44 மணிநேரம். இரவு குழந்தைகள் தூங்கிய பின் செய்யலாம் என்று இதனுடன் கூட்டிக்கொள்வோர் பலர். அந்த நேரம் பதிவுக்குப் பயன்படாது, ஏனெனில் தூக்கக் கலக்கத்தில் போட்ட பதிவுகளைக் காலையில் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். அவசரத்துக்கான கையிருப்பாக அதை வைத்திருப்பதே சரி.

அடுத்து, ஒரு வாடிக்கையாளருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்க்கவேண்டும். மாதம் 60 விற்பனைப் பில், 40 கொள்முதல் பில் உள்ள ஒரு ஆயத்த ஆடை மொத்த வணிகர் என்று கொள்வோம். பில்லுக்கு 4 நிமிடம் வீதம் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். வங்கி அறிக்கையில் 120 வரிகள், வரிக்கு ஒரு நிமிடம் வீதம் 2 மணிநேரம். 2Bயுடன் ஒப்பிட ஒன்றரை மணிநேரம். தாக்கலுக்கு வேண்டியதைத் தயாரித்துச் சரிபார்க்க ஒரு மணிநேரம். எஞ்சியது, பலரும் கணக்கில் எடுக்காத பகுதி: விடுபட்ட பில்லைக் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவது, மங்கலான படத்தைத் திரும்பக் கேட்பது, "இந்த 18,000 ரூபாய் யாருக்குப் போனது?" என்று தொலைபேசியில் விசாரிப்பது. இதற்கு 2 மணிநேரம். மொத்தம் ஏறத்தாழ 13 மணிநேரம்.

44 மணிநேரத்தில் இத்தகைய வாடிக்கையாளர்கள் மூவருக்கு மட்டுமே இடம் உண்டு. ஆறு பேரை ஒப்புக்கொண்டவர்கள் இரண்டாவது மாதத்திலேயே தேதிகளைத் தவறவிடுவதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. இந்தக் கழித்தலை அவர்கள் செய்து பார்க்கவில்லை.

கட்டணம்

நேரக் கணக்கு தெரிந்தபின் கட்டணத்தை முடிவு செய்வது எளிது. கீழே உள்ளவை கணக்கிடும் முறையைக் காட்டுவதற்கான எண்களே. அவற்றைச் சந்தை விலையாகக் கொள்ளக் கூடாது. மாதம் 1,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் மணிக்கு 115 ரூபாய். 3,500 ரூபாய் என்றால் மணிக்கு ஏறத்தாழ 270. மூன்று வாடிக்கையாளர்களிடம் 3,500 வீதம் வாங்கினால் 10,500 வரும். இணையத்துக்கும் மென்பொருள் வாடகைக்கும் 1,500 போனால் 9,000 மிஞ்சும். தொடக்கத்தில் "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்ற பேச்சுக்கு அஞ்சிப் பாதிக் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்வோர், அதே வாடிக்கையாளரிடம் பின்னர் அதை இருமடங்காக்க முடியாமல் திணறுவர். முதல் மாதத்தை மட்டும் குறைந்த கட்டணச் சோதனை மாதம் என்று எழுத்தில் வைத்துக்கொள்வது இதற்கு மாற்றாகும்.

மாதக் கட்டணம் பேசும்போது பில்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே பேசவேண்டும். 100 பில் வரை இத்தொகை, அதற்கு மேல் பில் ஒன்றுக்கு இவ்வளவு என்று இருக்கவேண்டும். காரணம் தீபாவளி. ஆடை வணிகரின் விற்பனை அந்த மாதத்தில் இரண்டு, மூன்று மடங்காகும். 100 பில் 240 ஆனால் கூடுதல் 140 பில்லுக்கு மட்டும் 9 மணிநேரத்துக்கு மேல் வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை வருவதும் அதே நாட்களில்தான். அந்த மாதத்துக்குப் பழைய கட்டணமே என்றால், கணக்கரின் தீபாவளி கூலியில்லாத உழைப்பில் கழியும்.

தேதிகள்

கணக்கெழுதும் வேலையில் மொத்த நேரம் எவ்வளவு என்பதோடு, அது மாதத்தின் எந்தப் பகுதியில் குவிகிறது என்பதும் முக்கியம். மாதந்தோறும் தாக்கல் செய்பவருக்கு விற்பனை விவரமான GSTR-1 அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் போகவேண்டும். 14ஆம் தேதி 2B வரும். 20ஆம் தேதிக்குள் GSTR-3Bயைத் தாக்கல் செய்து வரியைக் கட்டவேண்டும். ஆகவே வாடிக்கையாளர் மூவரின் வேலையும் மாதத்தின் முதல் 20 நாட்களில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். பிந்தைய 10 நாட்கள் வெறுமையாக இருக்கும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, பில்களை மாத முடிவில் மொத்தமாக வாங்காமல் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாங்கிக்கொள்வது. அப்போது மாதம் முடியும்போது முக்கால்வாசிப் பதிவு முடிந்திருக்கும். 1 முதல் 10ஆம் தேதி வரை சரிபார்ப்பு மட்டுமே மிஞ்சும். இரண்டாவது, மூவரில் ஒருவரையாவது QRMP முறையில் இருப்பவராகப் பார்த்துச் சேர்ப்பது. அவருக்கு GSTR-1 காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13ஆம் தேதி. GSTR-3B தமிழ்நாட்டில் 22ஆம் தேதி. இடைப்பட்ட இரண்டு மாதங்களிலும் 25ஆம் தேதிக்குள் வரித்தொகையைச் செலுத்தினால் போதும். விருப்பப்பட்டால் பிற வணிகர்களுக்குப் போட்ட பில்களை மட்டும் 13ஆம் தேதிக்குள் ஏற்றலாம்.

தாமதம் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. வரி 60,000 ரூபாய் உள்ள ஒரு GSTR-3B மூன்று நாள் தாமதமாகப் போனால், நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் 150 ரூபாய்த் தாமதக் கட்டணமும், ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியாக ஏறத்தாழ 89 ரூபாயும் சேரும். தொகை சிறியதுதான். ஆனால் GSTR-1 தாமதமானால் விளைவு வேறு வகையானது. 11ஆம் தேதியைத் தவறவிட்டால் அந்த விற்பனைகள் 14ஆம் தேதி வரும், வாங்கியவரின் 2Bயில் இடம்பெறா. அவர் அந்த மாதம் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாமல் கையிலிருந்து பணம் கட்டுவார். கட்டியதும் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைப்பார். வாடிக்கையாளர்கள் கணக்கரை மாற்றுவதற்கு இந்த ஒரு அழைப்பே போதும்.

எனவே பொறுப்பின் எல்லையை முதலிலேயே எழுதி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, வாடிக்கையாளரிடமிருந்து "சரி" என்று பதில் வாங்கிவைப்பது வழக்கமாக இருக்கவேண்டும். நீண்ட ஒப்பந்தம் தேவையில்லை. மாதத்தின் பில்கள் அனைத்தும் அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் வந்தால் தாமதத்துக்குக் கணக்கர் பொறுப்பு. அதற்குப் பிறகு வந்தால் தாமதக் கட்டணம் கடைக்காரருடையது. இந்த இரண்டு வரிகள் பல சண்டைகளைத் தவிர்த்துவிடும்.

செய்யக்கூடாதவை

வீட்டில் கணக்கெழுதுபவர் ஆடிட்டர் அல்லர். தணிக்கைச் சான்றிதழில் கையெழுத்திடப் பட்டயக் கணக்காளருக்கு மட்டுமே உரிமை உண்டு. வாடிக்கையாளர் சார்பில் முறைப்படி ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய விரும்பும் வணிகவியல் பட்டதாரிகள், ஜி.எஸ்.டி. தளத்தில் PCT-01 படிவம் வழியாக ஜி.எஸ்.டி. பயிற்சியாளராகப் பதிவு செய்து, நாசின் என்ற மத்திய அகாதெமி நடத்தும் தேர்வில் தேறலாம். அது வரை, கணக்கைத் தயாரித்துக் கொடுப்பதும், வாடிக்கையாளர் தம் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு தாமே தாக்கலை உறுதிசெய்வதுமே சரியான ஏற்பாடு. "நம்ம பொண்ணுதானே" என்று தம் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் மாற்றிக் கணக்கரின் எண்ணையே தளத்தில் பதிந்துவிடும் கடைக்காரர்கள் உண்டு. நம்பிக்கையின் அடையாளமாகத் தோன்றினாலும், பின்னால் ஏதேனும் விசாரணை வந்தால் துறை அழைப்பது அந்த எண்ணைத்தான். வரியைத் தம் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற பழக்கமும் கூடாது.

வேலை தேடும் நிலையில் இருப்பவரைக் குறிவைக்கும் மோசடிகள் இரண்டு வகைப்படும். வீட்டிலிருந்து தரவுப் பதிவு என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் வாங்குவதும், பின்னர் பிழை அதிகம் என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பிப் பணம் கேட்பதும் பலருக்கும் தெரிந்த வகை. மற்றொன்று கணக்கெழுதுவோருக்கு அதைவிட ஆபத்தானது. வேலை தருவதாகவோ பங்குதாரர் ஆக்குவதாகவோ கூறி பான், ஆதார் நகல்களை வாங்கி, அப்பெண்ணின் பெயரிலேயே ஜி.எஸ்.டி. பதிவு எடுத்து, சரக்கே இல்லாத போலிப் பில்களைப் போடுவர். கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று கடிதம் வரும்போதுதான் தெரியவரும். ஜி.எஸ்.டி. தளத்தில் Search by PAN என்ற இடத்தில் தம் பான் எண்ணை இட்டால், அதன் பேரில் எத்தனைப் பதிவுகள் உள்ளன என்பதைப் பார்க்கலாம். பணம் இழந்தவர்கள் 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ உடனே புகார் செய்யவேண்டும்.

கணக்கரின் சொந்த வரி

பிறர் வரியைக் கணக்கிடுபவர் தம் வரியை மறப்பது அரிதல்ல. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஆண்டு வரவு 1,26,000 ரூபாய். சேவை வழங்குவோர் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பதிவு இல்லாதவர் தம் பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு தொகையைச் சேர்த்து வாங்கவும் கூடாது. வேறு வருமானம் இல்லையென்றால் வருமான வரியும் வராது. ஆடிட்டர் அலுவலகம் போன்ற இடத்திலிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணமாக வரும்போது, 10 விழுக்காடு பிடித்தம் செய்து அவருடைய பான் கணக்கில் செலுத்துவர். அந்தப் பணம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். தாக்கல் செய்யாவிட்டால் கிடைக்காது.

நான்காவது வாடிக்கையாளர்

ஓராண்டு கழிந்தபின் நான்காவது வாடிக்கையாளர் தானாகவே வந்து கேட்பார், பெரும்பாலும் முதல் கடைக்காரரின் மைத்துனராகவோ பக்கத்துக் கடைக்காரராகவோ இருப்பார். அதற்குள் பழைய மூவரின் வேலை 13 மணிநேரத்திலிருந்து 10 மணிநேரமாகக் குறைந்திருக்கக்கூடும். விற்றவர்களின் பெயர்களும் பேரேடுகளும் டேலியில் ஏற்கெனவே ஏறியிருக்கும். கடைக்காரர்களும் சனிக்கிழமைப் பழக்கத்துக்கு வந்திருப்பார்கள். அப்படிக் குறைந்திருக்கிறதா என்பதை மூன்று மாதம் குறித்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளவேண்டும். இளைய குழந்தை முதல் வகுப்புக்குப் போய் முழுநாள் பள்ளி தொடங்கினால் 44 என்ற எண்ணே மாறிவிடும்.

இதே நேரத்தில், இதே நிலையிலிருந்து திரும்பிய மற்றொரு கணக்கருடன் ஓர் உடன்பாடு செய்துகொள்வது உதவும். ஒருவர் வீட்டில் காய்ச்சல் வந்து 9ஆம் தேதி உட்கார முடியாவிட்டால், கடைக்காரரின் ஒப்புதலோடு மற்றவர் அந்த GSTR-1ஐ முடித்துக் கொடுப்பார். அதற்குரிய தொகை அந்த மாதக் கட்டணத்திலிருந்து அவருக்குப் போகும். இதற்கு ஒவ்வொரு கடையின் டேலி நகலும் வெள்ளிக்கிழமைதோறும் தனியாகச் சேமிக்கப்பட்டு, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கவேண்டும்.